ஒரே கவிதை, இரண்டு மொழிபெயர்ப்பு: பொருள்களைப் பட்டியலிடுங்கள்

இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும்போது எது அழகு என்று முதலில் பார்க்க வேண்டாம். கவிதைக்குள் இருக்கும் பொருள்களை மட்டும் அருகருகே எழுதிவையுங்கள்.

பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (1859) மரக்கிளை, ரொட்டி, மது, கவிதை நூல், பாடும் நீ, பாழ்நிலம் என்று வரும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் தமிழில் ரொட்டி இல்லை. தென்றல் வந்திருக்கிறது, பொதுவான கவிதை நூல் ‘கையில் கம்பன் கவியுண்டு’ என்றாகிவிட்டது.

இனி, புதிதாக வந்தது ஏன் வந்தது என்று கேளுங்கள். வெய்யில், கையில், தெய்வ, வையம் என எதுகை ஓடுகிறது. கையில், கம்பன், கவி, கலசம் என்று மோனை வேறு. பாட்டாகப் பாடலாம், அது பெரிய லாபம். ஆனால் பாழ்நிலம் ‘வனம்’ ஆனதில், ஒன்றுமில்லாத இடமே சொர்க்கமாகும் வியப்பு குறைந்துவிட்டது. எனக்கு இதுதான் ரொட்டியைவிடப் பெரிய இழப்பு.

அப்புறம், பழிபோடும் முன் மூலம் எது என்று பாருங்கள். கவிமணி பின்பற்றியது ஃபிட்ஸ்ஜெரால்டை. பாரசீகப் பாடலில் வரும் ஆட்டுத்தொடையும் சுல்தானும் ஆங்கிலத்திலேயே காணாமல் போனவை.