கிரைண்டர் வாங்கியாச்சு என்பது விளைவு இல்லை: கடன் வந்த பிறகான ஓகேஆர் பகுதியில் வரும் தவறுகள்

திட்ட அறிக்கையின் ஓகேஆர் பகுதியில் இருக்க வேண்டியவை இரண்டுதான்: எதை அடையப் போகிறோம் என்ற நோக்கம், அடைந்தோமா என்று எண்ணில் காட்டும் முக்கிய விளைவுகள். விளைவுகள் மூன்று, நான்கு போதும். எடுத்துக்காட்டாக, மதுரை செல்லூரில் தினம் 150 கிலோ இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். பெரிய கிரைண்டருக்கும் குளிர் அறைக்கும் வங்கிக் கடன் கிடைத்திருக்கிறது.

பலரும் எழுதுவது இப்படி: "கிரைண்டர் வாங்குதல், குளிர் அறை அமைத்தல், 2 ஆட்கள் சேர்த்தல்." இவை வேலைப் பட்டியல். மூன்றும் முடிந்த பிறகும் விற்பனை 150 கிலோவிலேயே நிற்கலாம். அறிக்கையோ நூற்றுக்கு நூறு காட்டும். "தினசரிச் சராசரி விற்பனை 150 கிலோவிலிருந்து 400 கிலோ" என்று எழுதினால்தான் கிரைண்டர் பயன்பட்டதா என்பது தெரியும். தொடக்க எண்ணை விடவே கூடாது. கடன் வருவதற்கு முந்தைய மாத பில் புத்தகத்திலிருந்து அதை எடுங்கள்.

விற்பனையை மட்டும் குறிவைத்தால் வேறொரு சிக்கல். கடை கடையாக மாவைத் தள்ளிவிட்டு எண்ணை ஏற்றிவிடலாம். நான்கு நாளில் பாக்கெட்டுகள் புளித்துத் திரும்பி வரும். அதனால் பக்கத்திலேயே ஒரு காவல் எண் வேண்டும்: நூறு பாக்கெட்டில் திரும்புவது 9லிருந்து 4 ஆகக் குறைய வேண்டும். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும் என்பதால், தை மாத எண்ணைத் தொடக்கமாக வைத்து சித்திரையில் அளந்தால் குளிர் அறை மேல் வீண் பழி விழும்.

அடுத்தது தேதி. கடன் அனுமதிக் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று எழுதிவிடுகிறார்கள். இயந்திரக் கடன் தொகையை வங்கி பெரும்பாலும் விற்பனையாளருக்கே நேரடியாக அனுப்பும். பிறகு இயந்திரம் வந்து சேர வேண்டும், மும்முனை மின் இணைப்பு கிடைக்க வேண்டும். ஆகவே கிரைண்டர் ஓடத் தொடங்கும் நாளை 'நாள் 0' என்று வைத்து அங்கிருந்து எண்ணுங்கள். அந்த நாளுக்கும் ஒரு கெடு போட்டுத் தனி வரியில் எழுதுங்கள்; இல்லாவிட்டால் தாமதம் முழுக்க அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

கடைசியாக, மதிப்பெண் கணக்கு. மூன்றாம் மாத முடிவில் விற்பனை 300 கிலோ என்றால், 300ஐ 400ஆல் வகுத்து 0.75 என்று போடுவது தவறு. 150 கிலோ கடனுக்கு முன்பே இருந்தது. கூடியது 150, கூட வேண்டியது 250:

```
(300 - 150) / (400 - 150) = 0.6
```

திரும்பும் பாக்கெட் 6 ஆகியிருந்தாலும் இதே முறைதான்: 3ஐ 5ஆல் வகுக்க, அதுவும் 0.6. தவறான கணக்கில், ஒரு கிலோகூடக் கூடாத மாதத்துக்கும் 0.375 கிடைத்திருக்கும்.