நீதியைச் சொல்லாமல் விலங்குக் கதை எழுத

கதையின் கடைசியில் “ஆகவே குழந்தைகளே” என்று எழுதத் தோன்றினால், குறை பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். ஒரே காட்சியை இருமுறை எழுதிப் பாருங்கள்; இரண்டாம் முறை அதில் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வேப்பமரத்து அணிலை எடுத்துக்கொள்வோம். மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிக் கத்துகின்றன. பூனை வருகிறது, கத்தல் உச்சத்துக்குப் போகிறது. அணில் மரமேறி, “ஒரு பழத்தை நிம்மதியாகத் தின்ன முடிகிறதா!” என்று எரிந்து விழுகிறது. மறுநாள் குருவிகளை விரட்டிவிடுகிறது. அப்பாடா, அமைதி! அதே பூனை மீண்டும் வருகிறது. ஒரு சத்தமும் இல்லை. அணில் தப்புகிறது, பாதி வாலோடு.

முதல் காட்சியில் குருவிகள் அணிலைக் காப்பாற்றியதாக எழுதவே கூடாது. அங்கே அது வெறும் இரைச்சலாகவே இருக்கட்டும். பூனையைக் கண்டால் கூட்டமாகக் கத்துவது தவிட்டுக்குருவியின் உண்மையான இயல்பு. அதனால் கதைக்காகச் செய்த ஏற்பாடாக அது தெரியாது.

முடிவில் அணில் மன்னிப்புக் கேட்டால், அதுவும் உபதேசம்தான். நான் இப்படி முடிப்பேன்: குருவிகள் திரும்பி வந்து கத்துகின்றன. அணில் மொட்டைவாலை ஆட்டிக்கொண்டு, பழத்தைத் தின்கிறது.

எழுதியதை ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டி, “அணில் ஏன் இப்போது விரட்டவில்லை?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் கடைசி வரியைத் தொடாதீர்கள். முதல் பூனைக் காட்சியில் கத்தலை இன்னும் ஒரு வரி நீட்டுங்கள்.