இரண்டு நிதியாண்டில் கால் வைக்கும் எஃப்டி: வட்டியையும் டிடிஎஸ்ஸையும் எழுதும் முறை

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் சித்தப்பா கடைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். அவர் 1-10-2024 அன்று 20 லட்சத்தைத் தன் பெயரில் ஓராண்டு எஃப்டியில் போட்டார். வட்டி 6 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும். பணம் கைக்கு வந்தது 1-10-2025 அன்று. நடுவில் மார்ச் 31 குறுக்கிட்டது. பற்று வரவு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு இதையே எழுதிப் பார்ப்போம்.

முதலில் வட்டியைப் பிரியுங்கள். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம், எக்செல் போதும். முதல் வரி மார்ச் 31 வரை, இரண்டாவது முழு ஆண்டுக்கு.

```
=2000000*1.015^2-2000000
=2000000*1.015^4-2000000
```

விடை 60,450, அப்புறம் 1,22,727. ஆக, 2025-26க்கு உரியது மீதி 62,277.

அடுத்து 31-3-2025 பதிவு. வர வேண்டிய வட்டி பற்று 60,450, வட்டி வருமானம் வரவு 60,450.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. வட்டி கைக்கு வராவிட்டாலும், வங்கி தன் கணக்கில் அதை ஏற்றியதுமே 10 சதவீதத்தை டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிடும். ஆண்டு வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால்தான் இந்தப் பிடித்தம்; 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2024-25இல் அந்த வரம்பு 40,000. ஏப்ரல் 2025 முதல் 50,000. அதே வங்கியின் தேவகோட்டைக் கிளையில் இன்னொரு டெபாசிட் இருந்தாலும் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சித்தப்பாவுக்குப் பிடித்தது 6,045. அது சேமிப்புக் கணக்கிலிருந்து போனது. இதைச் செலவாக எழுதாதீர்கள், வட்டியிலும் கழிக்காதீர்கள். அது அவர் முன்கூட்டியே கட்டிய வரி. எனவே டிடிஎஸ் வரவேண்டியது பற்று 6,045, சேமிப்புக் கணக்கு வரவு 6,045. வருமானம் முழு 60,450ஆகவே நிற்கும்.

இந்த இரண்டு தொகையும் வருமான வரித் துறையின் வரிப் பிடித்தப் பட்டியலான 26AS-இல் அப்படியே இருக்க வேண்டும். ஏப்ரலிலேயே போய்த் தேடாதீர்கள். கடைசிக் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையைத் தர வங்கிக்கு மே 31 வரை நேரம் உண்டு, ஜூனில் பார்ப்பதே சரி.

முதிர்வு நாளில் வங்கி பற்று 21,22,727. வரவில் எஃப்டி 20,00,000, வர வேண்டிய வட்டி 60,450, வட்டி வருமானம் 62,277. முழு 1,22,727ஐயும் அன்று வருமானமாக்கினால் முதல் பாதி இரண்டு முறை ஏறிவிடும். வர வேண்டிய வட்டிக் கணக்கு பூஜ்யமானதா என்று பாருங்கள், ஆகாவிட்டால் அதுதான் காரணம். புதிய டிடிஎஸ் 6,228க்கு முன்போலவே தனிப் பதிவு.

பின்சேர்க்கை: முதிர்வுத் தொகை ரசீதில் உள்ளதைவிடக் குறைகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சேமிப்புக் கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி டிடிஎஸ்ஸை எஃப்டியிலிருந்தே எடுக்கும். அப்போது வரியோடு, அந்தத் தொகைக்கு அதன்பின் சேர வேண்டிய வட்டியும் குறையும். அப்படிப்பட்ட டெபாசிட்டுக்கு என் சூத்திரம் பொருந்தாது, வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் உள்ள தொகையையே எழுதுங்கள்.

பணம் வரும்போதுதான் வட்டியைக் காட்டுவேன் என்பவர்களும் உண்டு. எல்லா ஆண்டும் அதே முறை என்றால் செய்யலாம். ஆனால் 2024-25இல் பிடித்த 6,045ஐ அந்த ஆண்டுக் கணக்கில் கோர முடியாது. வருமான வரிப் படிவத்தின் டிடிஎஸ் அட்டவணையில், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் கட்டத்தில் அதை நிரப்பி, வட்டியைக் காட்டும் ஆண்டில் கேட்க வேண்டும்.