ஸ்னூஸ் எப்போது தட்டிக்கழிப்பாக மாறுகிறது?

ரிமைண்டர் வரும்போது நீங்கள் ஒரு கூட்டத்தில் இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஸ்னூஸ் போடுவதில் எந்தத் தவறும் இல்லை. கூட்டம் முடிந்துவிடும், வேலையைச் செய்வீர்கள். நிலைமை எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்தே ‘நாளை’ என்று அழுத்துவதுதான் பிரச்சினை. அழுத்தும் முன் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: நாளை இதே நேரத்தில் என்ன வேறாக இருக்கும்? பதில் கிடைக்காவிட்டால் அது தட்டிக்கழிப்பு.

அழுத்தியதும் மனசு லேசாகிறதே, அந்த நிம்மதிதான் பழக்கத்தை வளர்க்கிறது. தள்ளிப்போடுவதை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஃபியூஷியா சிராய்ஸ், திமோத்தி பிச்சில் இருவரும் 2013-ல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: நேரம் போதாமல் அல்ல, அந்த வேலை தரும் சங்கடத்திலிருந்து அப்போதைக்குத் தப்பவே பெரும்பாலும் தள்ளிப்போடுகிறோம்.

செயலிகளும் இதற்குத் துணைபோகின்றன. ஸ்னூஸ் போட்டதும் பல செயலிகளில் பழைய தேதி மறைந்து புதிய தேதி வந்துவிடும். மூன்று வாரமாகக் கிடக்கும் வேலை இன்றைக்கு முளைத்ததுபோல் தெரியும். அதனால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் தலைப்பின் முடிவில் ஒரு புள்ளி சேருங்கள். மூன்றாவது புள்ளி விழுந்த பிறகு ஸ்னூஸ் கிடையாது. வேலையையே திறந்து பார்க்க வேண்டும்.

‘காப்பீட்டு விண்ணப்பம் அனுப்பு’ என்று ஒரு ரிமைண்டர் இரவு 9 மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் நாளைக்குப் போகிறது. திறந்து பார்த்தால், விண்ணப்பத்துக்குப் பழைய ரசீது ஒன்று வேண்டும். அது மனஸ்தாபத்தில் இருக்கும் அண்ணனிடம் இருக்கிறது. ஆக, நிற்கிற வேலை விண்ணப்பம் அல்ல, அண்ணனிடம் கேட்பது. போனில் பேசத் தயக்கமென்றால் ‘அண்ணனுக்கு ரசீது கேட்டு இரண்டு வரி அனுப்பு’ என்று ரிமைண்டரை மாற்றி எழுதுங்கள். நேரத்தையும் மாற்றுங்கள், இரவு 9 மணிக்குச் சோர்ந்திருக்கும் மனம் இதைத் தொடாது.

இதைச் செய்யாமல் பலர் ஒருமுறை செய்ய வேண்டிய வேலையைத் ‘தினமும்’ என்று போட்டுவிடுகிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சில நாளில் கண் பழகிவிடும், படிக்காமலே விரல் தள்ளிவிடும். அப்புறம், அதே ஒலியில் வரும் மாத்திரை ரிமைண்டரும் அப்படியே போய்விடும். மாத்திரைக்குத் தனி ஒலி வையுங்கள். எடுத்த பிறகுதான் அதை அணைக்க வேண்டும்.

சரி, மூன்று புள்ளி விழுந்த வேலையைத் திறந்து பார்த்தும் செய்ய மனமில்லையா? செய்யாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். பெரிதாக எதுவும் இல்லையென்றால் அழித்துவிடலாம். வேறொருவர் அதற்காகக் காத்திருந்தால், ‘என்னால் முடியாது’ என்று அவரிடம் சொல்லிவிட்டு அழியுங்கள்.