ஆறவைத்த சோறும் மலமிளக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா நெடுநாளாக மலச்சிக்கலால் துன்பப்பட்டவர். ஆறிய சோறு குடலுக்கு நல்லதென்று கேள்விப்பட்டு, இரவுச் சோற்றைப் பானையிலேயே மூடிவைத்து இரண்டு வாரம் காலையில் உண்டார். அதுவே போதுமென்று கீரையையும் பயறையும் விட்டுவிட்டார். வயிறு ஊதியது, மலம் முன்னையிலும் இறுகியது. அவர் கேள்விப்பட்டது பொய்யன்று. அதைக் கடைப்பிடித்த முறையில்தான் பிழை இருந்தது.

சோறு வேகும்போது மாச்சத்து நீரை உறிஞ்சிக் குழைகிறது. ஆறும்போது அதிலுள்ள அமைலோசு என்ற நீண்ட சங்கிலிகள் மீண்டும் நெருங்கி இறுகுவதால், சிறுகுடலின் நொதிகளால் அவற்றை அறுக்க முடிவதில்லை. அவ்வாறு செரிக்காமல் பெருங்குடலை அடையும் பகுதியையே எதிர்ப்பு மாச்சத்து என்கிறோம். இலங்கையில் விளையும் நெல்லினங்களில் பெரும்பாலானவை அமைலோசு மிகுந்தவை என்பதால், தம்பலகாமத்து வயல் அரிசியில் சமைத்த சோற்றிலும் இந்த மாற்றம் நிகழும் என்று எதிர்பார்க்கலாம்.

பானையில் மூடிவைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பசிலசு செரியசு என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. திருகோணமலையின் இரவு வெக்கையில், மூடிய பானைக்குள் சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கையில், அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இதே பற்றீரியா வயிற்றுப்போக்கையும் உண்டாக்குவதால், சிலர் அதை மலம் இளகியதாக எண்ணி மகிழ்ந்துவிடுகிறார்கள். உண்ட அதே நாளில் வயிற்றைப் பிசைந்துகொண்டு நீராகப் போனால் அது மாச்சத்தின் பயனன்று. அதன் விளைவு தெரியப் பல நாட்கள் வேண்டும். ஆகவே சோற்றை அகன்ற தட்டில் மெல்லிதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும், ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, மறுநாளே உண்டு முடிக்க வேண்டும். நீரூற்றிய பழஞ்சோற்றில் ஏறும் புளிப்பு ஓரளவு காப்புத்தான். ஆனால் அது ஏறப் பல மணித்தியாலம் ஆகும் என்பதால், நெடுநேரம் சூட்டோடு மூடிக்கிடந்த சோற்றில் பிறகு நீர் ஊற்றுவதால் நஞ்சு நீங்காது.

சூடாக்கினால் பயன் போய்விடும் என்று அஞ்சிச் சில்லென்றே விழுங்குவதும் தேவையில்லை. குளிரில் விறைத்த பருக்கை சூட்டில் மென்மையாவதற்குக் காரணம், அமைலோபெக்டின் என்ற மற்றப் பகுதி இளகுவதே. அமைலோசின் இறுக்கம் கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பத்தில்தான் குலையும். ஓர் ஆய்வில், 100 கிராம் புதுச்சோற்றில் 0.64 கிராமாக இருந்த எதிர்ப்பு மாச்சத்து, 4 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராமாக இருந்தது. அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்குக்கும் இது பொருந்தும்.

அந்த எண்களே அக்காவின் அடுத்த தவறையும் காட்டுகின்றன. 250 கிராம் சோற்றுக்குக் கணக்கிட்டால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 2.5 கிராம் மட்டுமே. மலத்தின் அளவு தெளிவாகக் கூடிய ஆய்வுகளிலோ பெரும்பாலும் நாளொன்றுக்கு 20 கிராமோ அதற்கு மேலோ கொடுத்திருக்கிறார்கள். மேலும், எதிர்ப்பு மாச்சத்து தவிட்டைப்போலத் தானே நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குவதில்லை. ருமினோகொக்கசு புரோமியை என்ற பற்றீரியா அதை முதலில் உடைக்க, மற்றவை அந்தத் துண்டுகளை உண்டு பெருகி, குடற்சுவருக்கு உணவாகும் பியூட்டிரேற்று முதலிய அமிலங்களைத் தருகின்றன. பெருகிய பற்றீரியாக்களின் உடலில் பெரும்பகுதி நீர்; அந்த நீரோடு அவை மலத்தில் சேர்வதால்தான் அது சற்றுப் பருத்து இளகுகிறது. உடைக்கும் அந்தப் பற்றீரியா சிலருடைய குடலில் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும்; அவர்களுக்கு மாச்சத்தின் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும்.

அக்காவுக்கு மலம் இறுகியது கீரையும் பயறும் நின்றதால் என்றே நான் கருதுகிறேன். அவற்றை மீண்டும் சேர்த்து, தண்ணீரைக் கூட்டி, குளிரவைத்துச் சூடாக்கிய சோற்றை முதல் வாரம் அரைக் கோப்பையாகவும் பிறகு ஒரு கோப்பையாகவும் உண்ணச் சொன்னேன். ஊதல் சில நாட்களில் தணிந்தது. மூன்றாம் வாரத்தில் முக்காமல் போக முடிகிறது என்றார், அதில் கீரையின் பங்கே பெரிது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, சோற்றைச் சோதித்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போகும்படியும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.