62.5 சதவீதம் என்று எழுதும் முன்: கணக்கெடுப்பு முடிவைச் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனில் ஒரு மீனவர் குடியிருப்பில் கணக்கெடுப்பு நடந்தது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. கேள்வி இதுதான்: 'கடந்த ஒரு வருடத்தில் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினீர்களா?' 150 வீட்டுக்குப் போனார்கள். 112 வீட்டில் ஆள் இருந்து பேசினார்கள். இந்தக் கேள்விக்கு 96 வீட்டில்தான் பதில் கிடைத்தது. மீதி 16 வீட்டில், "அதெல்லாம் எதுக்கு தம்பி" என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். 'ஆமாம்' என்றது 60 வீடு.

அறிக்கையின் முதல் வரி இப்படி வருகிறது: 'பாம்பன் மீனவர்களில் 62.5 சதவீதம் பேர் கடனில் இருக்கிறார்கள்.'

இந்த ஒரு வரியிலேயே பல தவறுகள். முதலில், எதன் கீழ் வகுத்தோம்? 60-ஐ 96-ஆல் வகுத்தால் 62.5. பேசிய 112 வீட்டால் வகுத்தால் 54. போன 150 வீட்டால் வகுத்தால் 40. மூன்றுமே சரியான கணக்குத்தான். 96-ஐ எடுத்துக்கொள்வதில் தவறில்லை; ஆனால் அதைச் சொல்ல வேண்டும், நழுவிய 16 வீட்டையும் சொல்ல வேண்டும். கடன் விஷயத்தில் பதில் சொல்லாதவர்கள், சொன்னவர்களைப் போலவே இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு எளிய சோதனை: 16 வீடும் 'இல்லை' என்றிருந்தால் 54, 16-ம் 'ஆமாம்' என்றிருந்தால் 68. பேசிய 112 வீட்டைப் பொறுத்தவரை உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அப்படியிருக்க, புள்ளிக்குப் பின்னால் 5 போடுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவது. '10 வீட்டில் 6' என்றால் போதும்.

அடுத்து, கேட்டது முன்பணம், எழுதியது கடன். முன்பணம் வாங்கி, பிடித்த மீனைக் கொடுத்துக் கழித்து முடித்தவரும் அந்த 60-க்குள் இருக்கலாம். கேள்வியில் இருந்த வார்த்தையையே முடிவிலும் எழுதுங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடம்: யார் அகப்படவில்லை? பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை உண்டு. விசைப்படகு போகும் நாளாகப் பார்த்து ஊருக்குள் நுழைந்தால், அந்தத் தொழிலாளிகள் கடலில் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் கதவு பூட்டியிருக்கும், அல்லது மனைவி பதில் சொல்வார். கணவர் வாங்கிய பணம் அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் போனால் நிலைமை தலைகீழ்: விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் கை காய்ந்திருக்கும் நேரம். ஆகவே மாதத்தையும் கிழமையையும் நேரத்தையும் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். பதில் சொன்னது யார் என்பதையும்.

நம் கணக்கில் 96-ல் விசைப்படகு வீடு 11 மட்டுமே. அதில் 8 'ஆமாம்', அதாவது 73 சதவீதம். நாட்டுப்படகு வீடு 85-ல் 52, அதாவது 61. 'விசைப்படகுக்காரர்களிடம்தான் முன்பணம் அதிகம்' என்று எழுதக் கை பரபரக்கும். ஒரே ஒரு வீடு மாற்றிச் சொல்லியிருந்தால் 73 என்பது 64 ஆகிவிடும். இவ்வளவு சிறிய கூட்டத்துக்குச் சதவீதமே வேண்டாம். '11-ல் 8' என்று விட்டுவிடுங்கள்.

சிலர் '10 புள்ளி கூடக் குறைய இருக்கலாம்' என்று ஒரு பிழை எல்லையும் சேர்ப்பார்கள். 96 பேருக்குச் சூத்திரம் தரும் எண் அதுதான். ஆனால் முழு வீட்டுப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி தேர்ந்தெடுத்திருந்தால்தான் அது பொருந்தும். மீன் இறங்கும் இடத்தில் எதிர்ப்பட்டவர்களைக் கேட்டிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. குலுக்கல் முறையில் எடுத்திருந்தாலும், பூட்டிய வீடும் சொல்லாத பதிலும் உண்டாக்கும் சாய்வு அந்த 10-க்குள் அடங்காது.

காரணம் சொல்லும் ஆசையும் வரும். 'தடைக்காலத்தால் முன்பணம் வாங்குகிறார்கள்' என்று இந்தத் தரவு சொல்லவில்லை. எந்த மாதம் வாங்கினீர்கள், எதற்கு என்று நாம் கேட்கவேயில்லை. முன்பணம் கூடியதா குறைந்ததா என்பதும் ஒரு முறை கேட்டதில் தெரியாது. கீழக்கரைக்கோ தொண்டிக்கோ இதை நீட்டவும் முடியாது.

முதல் வரியை இப்படி மாற்றலாம்: 'பாம்பனில் ஒரு குடியிருப்பில் 150 வீட்டுக்குப் போனதில் 112 வீட்டில் பேச முடிந்தது, முன்பணம் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்ன 96 வீட்டில் 60, கடந்த ஒரு வருடத்தில் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியதாகச் சொன்னது. 16 வீடு பதில் சொல்லவில்லை. விசைப்படகு வீடுகள் 11 மட்டுமே.' நீளம்தான். ஆனாலும் இந்தக் குறைகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் எண்ணுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கூட்டத்தில் வாசிக்கும்போது முதல் வரியை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.