பார்ட்னர்ஷிப்பாக இருந்து கம்பெனியான தொழிலின் வரலாறு: எங்கே தவறு நடக்கிறது

கம்பெனியின் அடையாள எண்ணான CIN-ல் 9 முதல் 12 வரையுள்ள இலக்கங்கள் ஒரு வருடத்தைக் காட்டும். அதைத் தொழில் தொடங்கிய வருடம் என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. அது கம்பெனியாகப் பதிவான வருடம் மட்டுமே.

உதாரணத்துக்கு ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையை வைத்துக்கொள்வோம். எண்ணில் 1994 என்று இருக்கிறது, கம்பெனியின் முதல் பங்குதாரர் பட்டியலில் ஏழு பேர். உடனே "ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1956 கம்பெனிச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதிப்படி பார்ட்னர்ஷிப்பை அப்படியே கம்பெனியாக்க ஏழு உறுப்பினர்களாவது வேண்டியிருந்தது, அதனால் மூன்று நான்கு பேர் நடத்திய ஆலைகள் மாற்றத்துக்குச் சற்று முன்னால் மனைவி, மகன், மருமகன் என்று ஆள் சேர்த்துக்கொண்டதுண்டு. 2013 சட்டத்திலும் ஏழுதான் இருந்தது, 2018-ல்தான் இரண்டாகக் குறைந்தது.

அப்போ உண்மையில் ஆரம்பித்தவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஒன்பதாம் பகுதி வழியில் பதிவு செய்யும்போது பார்ட்னர்ஷிப் டீடின் நகலையும் கம்பெனிப் பதிவாளரிடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்த டீடின் ஆரம்பப் பத்திகளை நிதானமாகப் படியுங்கள், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது. நம் ஆலையின் 1993 டீடு, '1981-ஆம் ஆண்டு டீடுப்படி நடந்துவந்த தொழில்' என்று சொல்லும். 1981 டீடு கிடைத்தால் அது, ஒரு பார்ட்னர் இறந்ததால் 1968 டீடைத் திருத்தி எழுதியதாகச் சொல்லும். இப்படியே ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் 1968-ன் மூன்று பேர் வெளியே வருவார்கள்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் ஃபர்ம் பதிவேட்டையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். ஆனால் அதில் பெயர் இல்லையென்றால் ஃபர்மே இருந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, 1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. இன்னொன்று, நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் திருச்செங்கோட்டு ஃபர்மின் பழைய பதிவைச் சேலத்திலும் கேட்டுப் பாருங்கள்.

நிலம் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் ஃபர்ம் கம்பெனிக்கு விற்றதாக எந்தப் பத்திரமும் வராது, உடனே 'இரண்டும் வேறு வேறு தொழில்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்பதாம் பகுதி வழியில் மாறியிருந்தால் சொத்து சட்டப்படியே கம்பெனிக்குப் போய்விடும், கிரயப் பத்திரம் தேவையில்லை, பட்டாகூட வெகுநாள் பழைய பார்ட்னர்கள் பெயரிலேயே கிடக்கலாம். அதே சான்றில் ஃபர்மிடமிருந்து கம்பெனிக்குக் கிரயம் ஆகியிருந்தால், புதுக் கம்பெனி ஒன்று தொடங்கிப் பழைய தொழிலை வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாதிரிக் கம்பெனியின் பதிவுக் கோப்பில் பார்ட்னர்ஷிப் டீடு இருக்க வேண்டிய அவசியமில்லை, அதைக் குடும்பத்தாரிடமோ பழைய ஆடிட்டரிடமோதான் கேட்க வேண்டும்.